மச்சு வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவர்

பாளையங்கோட்டை
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் வீட்டை ஞாயிற்றுக்கிழமை மேலேயும் கீழேயும் நன்றாகப் பார்த்தேன். இந்த வேலையை நான் எடுக்கவில்லை. நீங்கள் நம்பிக் கொடுத்த அட்வான்ஸ் காசோலையை வங்கியில் போடவில்லை. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

காரணத்தை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். என் தொழில் கம்பி கட்டி கான்கிரீட் போடும் வேலை. உங்கள் மச்சு அந்த வகையில்லை. தேக்குச் சட்டங்களுக்கு மேலே அச்சுக்கல்லைக் குறுக்காக, செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த கூரை அது. அடிக்கிற கட்டை எகிறித் திரும்பும் வரைக்கும் அடிக்க வேண்டும். எந்த நேரத்தில் நிறுத்துவது, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் எப்போது தெளிப்பது என்பதெல்லாம் கையில் படிந்த பழக்கம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. என் ஆட்களுக்கும் இல்லை.

நீங்கள் கேட்டபடி மேலே 2 அங்குல கான்கிரீட் போட்டு, சுவருக்குச் சிமெண்ட் பூசித் தீபாவளிக்குள் முடித்துக் கொடுக்க என்னால் முடியும். ஆனால் 600 சதுர அடிக்கு அந்த 2 அங்குலமே ஏறத்தாழ 7 டன் எடை. கிழக்கு அறையில் மூன்றாவது சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் ஒரு விரல்கடை உள்ளே இறங்குகிறது. அந்தச் சட்டத்தின் தலையில் இந்த எடையை வைக்கக் கூடாது. சுவரும் அப்படித்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, சில மழைக்காலத்தில் பழைய காரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். தாழ்வாரத்தில் போன முறை சிமெண்ட் ஒட்டுப் போட்ட இடத்தைத் தட்டிப் பாருங்கள், ‘டொக்டொக்’ என்று வெறுமையாகக் கேட்கும்.

இதற்குச் சரியான ஆள் சேரன்மகாதேவி இசக்கிமுத்து. சுண்ணாம்பு வேலை மட்டுமே பார்க்கிறவர். நான் கான்கிரீட் பார்த்த இடங்களிலேயே பழைய பகுதியை அவர் கையில் விட்டிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். சுண்ணாம்பை வாங்கிய அன்றைக்கே குழைக்க மாட்டார். நீற்றி, குறைந்தது இரண்டு வாரம் ஊறப்போட்ட பிறகுதான் தொடுவார். அழுகிய சட்டத்தை முழுதாகக் கழற்றாமல், முனையை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டுப்போடவும் தெரிந்தவர். ஒரு சமயத்தில் ஒரே வீடுதான் எடுப்பார். மொத்தமாகப் பேச மாட்டார், நாள்கூலியும் பொருள் செலவும்தான். கணக்கை வாரம் ஒருமுறை எழுதித் தருவார். வேலை நேரத்தில் போன் எடுக்க மாட்டார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அவர் எண்ணை வாட்ஸப்பில் அனுப்பியாயிற்று. இதில் எனக்குக் கமிஷன் எதுவும் கிடையாது.

தீபாவளிக்குள் முடியாது என்பதை மட்டும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புதுச் சுண்ணாம்பு இறுகாமல் கரைந்துபோகும். தையில் தொடங்கினால் நல்லது. கோடை வெயில் ஏறுவதற்குள் மச்சை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் வேகமாகக் காய்ந்து வெடிப்பு விடும்.

அதுவரைக்கும் மூன்று காரியம் செய்யுங்கள். அந்த மூன்றாவது சட்டத்துக்குக் கீழே, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பலகை வைத்து ஒரு முட்டு கொடுங்கள். இதை இந்த வாரமே செய்துவிட வேண்டும். வடமேற்கு மூலையில் மழைத்தண்ணீர் போகும் தூம்பு அரசமரக் கன்று முளைத்து அடைத்திருக்கிறது. கன்றைப் பிடுங்கி இழுக்காதீர்கள், கல்லும் கூடவே வந்துவிடும். மட்டமாக வெட்டி, தூம்பை மட்டும் சுத்தம் செய்யுங்கள், வேரை இசக்கிமுத்து பார்த்துக்கொள்வார். மழைக்கு முன்னால் தார்ப்பாயை வாட்டமாகக் கட்டுங்கள். யார் சொன்னாலும் தாரோ வாட்டர்ப்ரூஃப் பெயிண்டோ அடிக்க வேண்டாம்.

பின்கட்டில் கேட்ட குளியலறையும் செப்டிக் டேங்க்கும் என் வேலை. அதைச் சந்தோஷமாகச் செய்து தருகிறேன். ஆனால் பழைய சுவரோடு சேர்க்காமல், தனி அஸ்திவாரத்தில், நடுவே ஒரு அங்குலம் இடைவெளி விட்டுத்தான் எழுப்ப வேண்டும். புதுக் கட்டடம் கொஞ்சம் அமரும்போது பழைய சுவரை இழுத்துவிடக் கூடாது. இசக்கிமுத்து மச்சை முடித்துச் சொன்ன பிறகு எனக்குத் தகவல் கொடுங்கள்.

அவர் முதல் தடவை வீடு பார்க்க வரும்போது நானும் வருகிறேன். அளவுகளும் போட்டோக்களும் என்னிடம் இருக்கின்றன, அவரிடம் கொடுத்துவிடுகிறேன். மதினியிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சண்முகவேல்
கட்டடப் பொறியாளர்

இணைப்பு: காசோலை, ரூ. 25,000