எங்கள் சொற்சுவர்
தரம் 2, இரண்டாம் தவணை

எழுதும்போது சொல் வரவில்லையா? எழும்பி வந்து பாருங்கள். ரீச்சரிடம் கேட்கத் தேவையில்லை. அட்டையைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோகலாம். எழுதி முடிந்ததும் அதே கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுங்கள். அட்டையில் படம் கீற வேண்டாம், சரியா? மானுக்கு ஏற்கெனவே மீசை வந்துவிட்டது.

வாரம் 1

மான், மீன், வள்ளம், அலை, கோயில்

மான் மதிலோரம் நிற்கிறது.
மான் வாழைப்பழத் தோல் தின்றது.

வாரம் 2: ஒரே மாதிரிக் கேட்கும், ஒன்றில்லை

மீனுக்கு வலை. நண்டுக்கு வளை.
வாழை தோட்டத்தில். வாளை கடலில்.
மலை ஏறினோம். மழை வந்தது.
பாரை நீந்தும். பாறை நீந்தாது.
கரையில் விளையாடினேன். சட்டையில் கறை.

வாரம் 4: எத்தனை சுழி?

டுவுக்கு முன்னால் மூன்று சுழி: நண்டு, வண்டு, கண்டு
றுவுக்கு முன்னால் இரண்டு சுழி: கன்று, மூன்று, நேற்று அல்ல, நின்று

(நேற்றில் சுழியே இல்லை. பின்வரிசையில் இருந்து ஒருவர் கண்டுபிடித்தார். அதனால் அதையும் இங்கேயே விட்டிருக்கிறேன்.)

வாரம் 5: வாயில் ஒன்று, கொப்பியில் ஒன்று

அம்மம்மா சொன்னா → அம்மம்மா சொன்னார்
பாத்தனான் → பார்த்தேன்
வந்திட்டுது → வந்துவிட்டது
வீசுது → வீசுகிறது

கதைக்கும்போது இடப்பக்கம்தான் வடிவு. கதையில் அம்மம்மா பேசினால் அவர் பேசுகிற மாதிரியே எழுதலாம்.

வாரம் 7: கன்னியா போய் வந்த பிறகு

வெந்நீர், கிணறு, ஏழு, வாளி, ஈரம், நடுக்கம்

எல்லாரும் "சூடாக இருந்தது" என்று எழுதினீர்கள். ஏழு கிணற்றிலும் ஒரே சூடா? இவற்றையும் எடுங்கள்:

வெதுவெதுப்பாக
இதமாக
பொறுக்கும் சூடு
சுள்ளென்று: "முதல் வாளி சுள்ளென்று இருந்தது. நான் ஐயோ என்றேன்."

வாரம் 8: களைத்துப்போன சொல்

பிறகு

இது போன கிழமை ஒரே கொப்பியில் பதினொரு தரம் வந்தது. பாவம், இதற்கு ஓய்வு கொடுப்போம். அதுவரைக்கும்:

உடனே, அடுத்து, கொஞ்ச நேரத்தில், மறுநாள், கடைசியில்

கழற்றியவை

நான், அம்மா, வீடு, போனேன். இவை இப்போது எல்லாருக்கும் தெரியும். கதவருகே தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. மறந்தால் திறந்து பாருங்கள், வெட்கம் இல்லை.

வாரம் 9

கச்சான்

கச்சான் வறுத்துச் சுருளில் தந்தார்கள்.
கச்சான் வீசுகிறது, முற்றமெல்லாம் புழுதி.

கடலையா, காற்றா? பக்கத்தில் உள்ள சொல்லைப் பார்த்தால் தெரியும். இதைக் கொண்டுவந்தவர் இரண்டு படமும் கீறித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு மட்டும் படம் போடலாம்.