உறுப்பு தானம் செய்த குடும்பத்தாருக்கு ஒரு நன்றிக் கடிதம்

மதிப்பிற்குரிய குடும்பத்தாருக்கு,

வணக்கம்.

இதை இப்போது படிக்க மனம் இல்லையென்றால் மடித்து வைத்துவிடுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. என்றைக்காவது தோன்றும்போது படித்தால் போதும், படிக்காமலே போனாலும் சரிதான்.

உங்கள் வீட்டிலிருந்து பிரிந்து போனவரின் சிறுநீரகம் ஒன்று எனக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. நான் கல்யாணமானவள், ஒரு பெண் குழந்தைக்குத் தாய், வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். பெயர், ஊர், மருத்துவமனை எதையும் எழுதக்கூடாது என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். உங்களைப் பற்றியும் அவர் எதுவும் சொல்லவில்லை. பிரிந்தவர் ஆணா பெண்ணா, என்ன வயது, எப்படி நடந்தது என்று எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். அதனால் "அவர்" என்றே எழுதுகிறேன். நீங்கள் வாய் நிறைய என்ன சொல்லிக் கூப்பிடுவீர்களோ, அதை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை தொடங்கிக் கிழித்திருக்கிறேன். நன்றி என்று எழுதியதுமே கை நின்றுவிடும். கடையில் சில்லறை கொடுப்பவருக்கும், பஸ்ஸில் இடம் விடுபவருக்கும் சொல்கிற சொல் அது. உங்களுக்கும் அதையே சொல்வதா என்று இருக்கும். வேறு சொல்லும் கிடைக்கவில்லை. அதனால் உங்களால் எனக்கு என்ன மாறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியவேண்டியது உங்களுக்குத்தான்.

டயாலிசிஸில் இருந்தவர்கள் யாரையாவது கேட்டால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வார்கள். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபிறகு எனக்குச் சிறுநீர் வருவது கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. கால் வீங்கும், அப்புறம் முகம் வீங்கும், ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும். அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று அளவு வைத்தார்கள். காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு, மாத்திரை விழுங்க ஒரு வாய், மத்தியானம் ஒரு வாய் என்று பிரித்துக் குடிப்பேன். வெயில் காலத்தில் ஐஸ் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாப்பிடவேண்டும்.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏன் என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் பாட்டில் என் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்து வைக்கத்தான் போயிருக்கிறாள். என் எதிரில் அவள் தண்ணீர் குடித்ததே இல்லை. அது தெரிந்த அன்றைக்கு நான் அழுத அழுகை டயாலிசிஸ் ஊசிக்கெல்லாம் அழுததில்லை.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அம்மா தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று முன்வந்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. அப்புறம்தான் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் என் பெயரைப் பதிந்தோம். வருடங்கள் ஓடின. நடுவில் ஒருமுறை கூப்பிட்டார்கள். ஓடிப்போய், ரத்தம் கொடுத்து, சாப்பிடாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பொருத்தம் இன்னொருவருக்குத்தான் சரியாக இருந்தது. திரும்பி வந்தோம்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழு உண்மையாக இருக்காது. காத்திருந்த காலத்தில் தினமும் வேண்டிக்கொள்வேன், போன் வரவேண்டும், சீக்கிரம் வரவேண்டும் என்று. ஒருநாள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கும்போது உறைத்தது, நான் எதை வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று. எனக்குப் போன் வருகிற அன்று, எங்கோ ஒரு வீட்டில் யாரோ திரும்பி வரவில்லை என்றுதான் அர்த்தம். அன்றிலிருந்து அந்த வேண்டுதலை நிறுத்திவிட்டேன். "யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது. அப்படி ஒருவேளை ஆகிவிட்டால், அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெம்பு கொடு" என்று மட்டும் கேட்பேன். உங்களைத் தெரியாமலே உங்களுக்காகக் கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

போன் ஒரு ராத்திரியில் வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து, விளக்கெல்லாம் போட்டு, பையை எடு, ஃபைலை எடு என்று ஓடினோம். அதே ராத்திரி உங்கள் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

மூளைச்சாவு என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று பின்னால் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு ஒருமுறை சோதித்து, குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டுமாம். சட்டம் அப்படி. அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். உடம்பு சூடாக இருக்கும். இயந்திரத்தின் உதவியில் நெஞ்சு ஏறி இறங்கும். கையைத் தொட்டால் தூங்குகிறவர் கை மாதிரியே இருக்கும். அப்படி இருக்கிறவரைப் பார்த்துக்கொண்டே, இனி வரமாட்டார் என்பதை நம்பவேண்டும். நம்பியபிறகு, முன்பின் பார்த்திராதவர்களுக்காக ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கும் பிறகு, அறுவை முடிந்து உடலைத் தரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். சொந்தக்காரர்களில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருக்கலாம். உங்களுக்குள்ளேயே ஒருவர் சரி என்று, ஒருவர் வேண்டாம் என்று, அழுது, சண்டை போட்டு, அப்புறம் சேர்ந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. யார் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதும் தெரியாது. அம்மாவோ, அப்பாவோ, துணையோ, பிள்ளையோ, அந்தக் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். செய்திருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் நீங்கள் செய்தது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

அறுவை முடிந்து இரண்டு நாள் சிறுநீரகம் விழிக்கவில்லை. சில சமயம் அப்படித்தான், பயப்படாதே என்றார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை சிஸ்டர் வந்து, கட்டிலுக்கு அடியில் தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அது வெறும் தங்க நிறம். "இது எல்லாம் உன்னோடதும்மா" என்றார். இல்லை, அது உங்கள் வீட்டிலிருந்து பிரிந்தவருடையது. வாய்விட்டு அதைச் சொன்னேன். சிஸ்டர் பையை வைத்துவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

சில நாள் கழித்து டாக்டர், "இனி தாகத்துக்குக் காத்திருக்காதே, நாளுக்கு மூன்று லிட்டர் குடி" என்றார். வீட்டுக்குப் போன அன்று என் மகள் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். நான் முழுதாகக் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே ஓடி தன் பாட்டிலை எடுத்துவந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் குடித்தாள்.

அன்று முதல் காலையில் முதல் டம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்ததும் ஒரு நிமிஷம் நின்று, அவரை நினைத்துவிட்டுத்தான் குடிக்கிறேன். முகம் தெரியாததால் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரரும் மகளும் அந்த நேரத்தில் பேசமாட்டார்கள்.

நீங்கள் கொடுத்ததை எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்லவேண்டியது என் கடமை. காலை எட்டு மணி, இரவு எட்டு மணி, இரண்டு வேளையும் மாத்திரை ஒருநாள்கூடத் தவறியதில்லை. உடம்பு இந்தச் சிறுநீரகத்தை வேற்றாள் என்று ஒதுக்கிவிடாமல் இருக்க அந்த மாத்திரைகளை ஆயுள் முழுக்கப் போடவேண்டும். ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போகிறேன். கூட்டத்துக்குப் போனால் மாஸ்க். வெளிச் சாப்பாடு இல்லை. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு, ரத்தத்தில் ஒன்பதைத் தாண்டியிருந்தது, இப்போது ஒன்றரைக்குக் கீழே இருக்கிறது. தையல் மிஷினை மறுபடி எடுத்துவிட்டேன். மகளின் பள்ளிச் சீருடையை இந்த வருடம் நானே தைத்தேன்.

டயாலிசிஸில் இருந்தபோது, 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்ற அறிவிப்பை வார்டு டிவியில் பார்த்தோம். எப்போதும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிற அந்த வார்டில் அன்று யாரும் பேசவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர் ஊசி ஏறாத கையைத் தூக்கி டிவியைப் பார்த்துக் கும்பிட்டார். உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், மாலை வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அங்கே படுத்திருந்த எல்லோரும் உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்திருந்தோம்.

"அவர் உன் உடம்பில் வாழ்கிறார்" என்று என்னிடம் சிலர் சொல்கிறார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு அது ஆறுதல் என்றால் அப்படியே இருக்கட்டும். நானாக அதைச் சொல்லமாட்டேன். அவர் உங்கள் வீட்டில் சிரித்ததும் கோபித்ததும் சாப்பிட்டதும் உங்களுக்கு மட்டும் தெரிந்தவை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கும் என்று தெரியும். ஒரு சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்ற செய்தியால் அது நிறையாது. உங்கள் துக்கத்தை நான் குறைத்துவிட முடியும் என்று நினைத்து இதை எழுதவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் உறுப்பு தானத்துக்குப் பதிந்திருக்கிறோம். பதிவு இருந்தாலும் கடைசியில் வீட்டார் சம்மதம் வேண்டும் என்பதால், அம்மாவையும் மாமியாரையும் உட்காரவைத்து எங்கள் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறோம். நாங்கள் அதைச் சொன்னபோது உங்களைப் பற்றித்தான் பேசினோம்.

இதற்குப் பதில் எழுதவேண்டும் என்று நினைக்காதீர்கள். என்றாவது எழுதத் தோன்றினால் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தால் என்னிடம் சேர்த்துவிடுவார்.

மகள் ஒரு படம் வரைந்து இதோடு வைக்கச் சொன்னாள். ஒரு சொம்பும் இரண்டு டம்ளரும். அடியில் தன் பெயரை எழுதியிருந்தாள். விதிமுறைக்காக அதை மட்டும் அழித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். டம்ளர் ஏன் இரண்டு என்று கேட்டேன். ஒன்று எனக்காம், இன்னொன்று அவருக்காம்.

உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்களால் உயிரோடு இருக்கும் ஒருத்தியும், அவள் வீட்டாரும்