உங்கள் மேசை ஆர்டர் மூன்று வாரம் தாமதமாகிறது: காரணமும் அடுத்து நடக்கப்போவதும்

வணக்கம்.

மே 15 முதல் ஜூன் 2 வரை தேக்கு நிற மேல்பலகையுடன் உயரம் மாற்றும் மேசையை முன்பதிவு செய்த எல்லோருக்கும் இதை அனுப்புகிறோம். ஜூன் 16 முதல் 20-க்குள் மேசை வீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தோம், அது இப்போது நடக்காது. புதிய தேதி ஜூலை 6 முதல் 14 வரை. காத்திருக்க வைப்பதற்கு மன்னியுங்கள். இந்த மேசையை நம்பி பழையதை விற்றுவிட்டவர்களும் உங்களில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

மேசைகள் ஏறிய கப்பல் ஜூன் 3 அன்றே துறைமுகத்துக்கு வெளியே வந்துவிட்டது. ஆனால் கரையில் கட்ட இடம் கிடைக்காமல் அன்றிலிருந்து நங்கூரம் போட்டு நிற்கிறது. வழியில் வானிலை மோசமாக இருந்ததால் வெவ்வேறு நாட்களில் வரவேண்டிய கப்பல்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்துவிட்டன, இருப்பதோ அதே பெர்த்துகள், அதே கிரேன்கள். இறக்கி வைக்கும் யார்டும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது, இதுதான் பெரிய சிக்கல். யார்டில் கன்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு, ஐந்து அடுக்கு வைப்பார்கள். அடியில் இருக்கும் ஒன்றை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், யார்டு நிரம்ப நிரம்ப அப்படி மாற்றி வைக்கவே இடம் இருக்காது. அதனால் லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவது தள்ளிப்போகிறது, பழையது வெளியே போகாமல் புதிய கப்பலில் இருந்து இறக்கவும் முடிவதில்லை. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாய் அடைபட்டது ஆறு நாட்கள்தான், ஆனால் அதன் பிறகு துறைமுகங்களில் சேர்ந்த நெரிசல் தீர அதைவிட வெகு நாட்கள் பிடித்தது. வரிசை ஒரு முறை கலைந்துவிட்டால் இப்படித்தான்.

சரி, இனி என்ன நடக்கும்? கப்பல் நிறுவனம் தந்திருக்கும் தேதிப்படி ஜூன் 18-க்கும் 21-க்கும் நடுவில் பெர்த் கிடைக்கும். இறக்க இரண்டு மூன்று நாள், யார்டில் இருந்து வெளியே எடுக்க ஒரு வாரம் வரை ஆகலாம். கஸ்டம்ஸ் ஆவணங்களை முன்கூட்டியே தாக்கல் செய்துவிட்டோம், ஆகவே சோதனைக்கு என்று நம் கன்டெய்னரைத் தனியாக எடுத்து வைத்தால் ஒழிய அங்கே பெரிதாக நேரம் போகாது. அப்புறம் எங்கள் கிடங்கில் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மோட்டாரையும் மூலைகளையும் பார்ப்போம். அவசரம் என்று இதை மட்டும் விடப்போவதில்லை, இத்தனை நாள் காத்திருந்தவருக்கு உடைந்த மேசை போய்ச் சேரக்கூடாது. ஆர்டர் செய்த வரிசையிலேயே அனுப்புவோம்.

அதுவரை உங்கள் டிராக்கிங் பக்கத்தில் `At Anchor` என்றே காட்டும். பல நாள் மாறாமல் இருந்தாலும் பொருள் தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பணம் பற்றி: மீதித் தொகையை மேசை கிடங்கில் இருந்து கிளம்பும் நாளில்தான் எடுப்போம். துறைமுகத்தில் தங்கும் நாட்களுக்கு டெமரேஜ் கட்ட வேண்டி வந்தால் அது எங்கள் செலவு, உங்களிடம் ஒரு பைசாகூடக் கேட்க மாட்டோம். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பார்சல் தாமதமாகும் சமயம் பார்த்து "கஸ்டம்ஸ் கட்டணம் கட்டினால் உடனே வரும்" என்று லிங்க் அனுப்பி ஏமாற்றுபவர்கள் உண்டு. அப்படி எது வந்தாலும் தொடாதீர்கள், எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.

காத்திருக்க முடியாது என்றால் ரத்து செய்யலாம், முன்பணம் முழுவதும் ஐந்து வேலை நாட்களில் திரும்ப வரும், காரணம் கேட்க மாட்டோம். வெள்ளை மேல்பலகை போதும் என்பவர்களுக்கு அது கிடங்கில் கொஞ்சம் இருக்கிறது, சொன்ன மறுநாளே அனுப்பிவிடுவோம், விலை அதேதான். மேசையோடு நாற்காலியும் வாங்கியவர்களுக்கு நாற்காலி இந்த வாரமே தனியாக வரும், அதற்குக் கூடுதல் டெலிவரி கட்டணம் இல்லை. காத்திருக்கிறீர்கள் என்றால் எதுவும் செய்ய வேண்டாம், ஆர்டர் அப்படியே இருக்கும்.

மற்ற எல்லாவற்றுக்கும் இந்த மின்னஞ்சலுக்கே ஆர்டர் எண்ணுடன் பதில் போடுங்கள், ஒரு வேலை நாளுக்குள் பதில் வரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிலவரத்தை எழுதுவோம், கப்பல் நகராமல் இருந்தாலும் நகரவில்லை என்றே எழுதுவோம். பெர்த் தேதி மறுபடி தள்ளிப்போனால் வெள்ளி வரை காக்காமல் அன்றே சொல்லிவிடுவோம். ஜூலையில் வீடு மாறுகிறவர்கள், ஊரில் இருக்கமாட்டோம் என்பவர்கள் ஜூன் 30-க்குள் புதிய முகவரியையோ வசதியான தேதியையோ அனுப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு பெட்டிகளில் முகவரி ஒட்டத் தொடங்கிவிடுவோம்.

வாடிக்கையாளர் சேவைக் குழு
ஜூன் 10