உறுதிபூசுதல் தயாரிப்பு வகுப்பு: பத்து வாரப் பாடத்திட்டம்

குளச்சல் வட்டாரக் கடலோரப் பங்கு, கோட்டாறு மறைமாவட்டம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேர், மறைக்கல்வி ஆசிரியர்கள் 3 பேர்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு தொடங்கி, காலைத் திருப்பலி முடிந்ததும் 8.15 முதல் 9.30 வரை வகுப்பு. காலாண்டுத் தேர்வு நெருங்கும் முன்பே முடித்துவிடலாம் என்பது ஒரு காரணம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள் என்பது இன்னொன்று. பெற்றோர் கூட்டத்தை ஆகஸ்டுக்குத் தள்ளினால் அம்மாமார் மட்டுமே வருவார்கள்.

மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே வாரம் ஓர் எழுத்து: தானாகச் சொன்னால் 'அ', தூண்டிவிட்ட பிறகு சொன்னால் 'ஆ', மறுபடி சொல்லித்தர வேண்டுமென்றால் 'இ'. 'இ' வாங்கியவரோடு அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன் பத்து நிமிடம் உட்கார வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் எழுத்துப் போடுவதே வீண். பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது.

வகுப்புக்கு முன்: சான்றிதழ்

திருமுழுக்குச் சான்றிதழை முதல் வாரமே வாங்குங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் பள்ளிச் சான்றோடு ஒப்பிடுங்கள். நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தக்கலை சீரோ மலபார், மார்த்தாண்டம் சீரோ மலங்கரை மறைமாவட்டங்களில் திருமுழுக்கு பெற்ற பிள்ளைக்கு அன்றே உறுதிபூசுதலும் கொடுத்திருக்கலாம். இந்த அருட்சாதனத்தை ஒருவர் ஒருமுறைதான் பெற முடியும். அம்மா வீட்டுப் பங்கில் திருமுழுக்கு நடந்திருந்தால் அங்கிருந்து எழுத்தில் உறுதி வாங்குங்கள். அப்படி ஏற்கெனவே பெற்ற பிள்ளையும் வகுப்புக்கு வரட்டும். பூசுதலுக்கான வரிசையில் மட்டும் நிற்க மாட்டார்.

வாரம் 1. திருமுழுக்கில் என்ன நடந்தது?

திருமுழுக்கு வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, 'விட்டுவிடுகிறேன்' என்பதற்கு இன்று என்ன பொருள் என்று பேசவிடுங்கள். மதிப்பீடு: போகும்போது ஒரு சீட்டில் இரண்டு வரி. 'அன்று எனக்காகப் பேசியவர் யார்? இப்போது நானே சொல்ல வேண்டியது எது?'

வாரம் 2. தூய ஆவியார் யார்?

யோவான் 14:16-17, திருத்தூதர் பணிகள் 2:1-13. பிள்ளைகள் ஆவியாரைப் புறா என்றோ, ஒரு சக்தி என்றோ சொல்வார்கள். புறாவும் நெருப்பும் அடையாளங்கள், ஆவியார் ஓர் ஆள். தந்தையோடும் மகனோடும் ஒரே கடவுள். இதை இந்த வாரமே தெளிவாக்காவிட்டால் மற்ற எட்டு வாரமும் ஆடும். மதிப்பீடு: 'தூய ஆவியார் ஒரு சக்தி', 'பெந்தகோஸ்து நாளில்தான் அவர் உண்டானார்', 'அவர் இயேசு அனுப்பிய துணையாளர்' என மூன்று வாக்கியங்கள். சரியா தப்பா என்பதோடு காரணமும் சொல்ல வேண்டும். காரணம் வராத சரியான விடைக்கு 'ஆ'.

வாரம் 3. கைகளை விரித்தல்

திருத்தூதர் பணிகள் 8:14-17. சமாரியர் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள். பேதுருவும் யோவானும் வந்து கைகளை வைத்த பிறகு தூய ஆவியைப் பெற்றார்கள். 'திருமுழுக்கிலேயே ஆவியார் வரவில்லையா?' என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். வந்தார், உறுதிபூசுதல் அந்த அருளை நிறைவாக்குகிறது, திருச்சபையோடு இன்னும் இறுக்கமாகப் பிணைக்கிறது. மதிப்பீடு: பகுதியை மூடிவைத்து இருவர் இருவராகக் கதையைச் சொல்லட்டும்.

வாரங்கள் 4, 5. ஏழு கொடைகள்

ஞானம், மெய்யுணர்வு, அறிவுரைத்திறன், திடம், நுண்மதி, இறைப்பற்று, இறையச்சம். எசாயா 11:2-3ஐத் திறந்து எண்ணும் பிள்ளை ஆறுதான் இருக்கிறது என்பார். அவர் எண்ணியது சரி. பழைய கிரேக்க, இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் இறைப்பற்றும் சேர்ந்து ஏழாயிற்று. இதை ஆசிரியர் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு அந்த இடத்தில் நின்றுவிடும்.

ஏழையும் ஒப்பிக்க வைப்பது எளிது, அதனால்தான் அதை மதிப்பீடாக எடுக்க வேண்டாம். நான்காம் வாரம் விளக்கம் மட்டும். ஐந்தாம் வாரம் ஏழு நிகழ்வுச் சீட்டுகள். எடுத்துக்காட்டு: 'நண்பர்கள் வகுப்புக் குழுவில் ஒரு பெண்ணின் படத்தைக் கேலியாக்கிப் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நீ என்ன செய்வாய், எந்தக் கொடை வேண்டும்?' ஒருவர் திடம் என்பார், இன்னொருவர் அறிவுரைத்திறன் என்பார். இரண்டுமே பொருந்தும், காரணத்தைத்தான் பார்க்க வேண்டும். இறையச்சம் என்றால் அடிக்குப் பயப்படுவது போல என்று பாதிப்பேர் எழுதுவார்கள். கடவுளின் மேன்மையை உணர்ந்த வணக்கம் அது என்று திருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவும்.

வாரம் 6. கனிகள்

கலாத்தியர் 5:22-23இல் ஒன்பது கனிகள். கொடை பெறுவது, கனி வளர்வது என்ற வேறுபாடு புரிந்தால் போதும். ஒரு கனியைத் தேர்ந்து வாரம் முழுவதும் வீட்டில் முயலட்டும். அதைப் பற்றிய குறிப்பை ஆசிரியர் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டாம்.

இந்த ஞாயிறு மாலை பெற்றோர் கூட்டம், 45 நிமிடம். ஞானப்பெற்றோருக்கான விதிகளை அங்கேயே சொல்லுங்கள்: 16 வயது நிறைந்தவர், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கர், விசுவாசத்துக்கேற்ற வாழ்வு உடையவர், பிள்ளையின் சொந்த அப்பா அம்மா அல்லாதவர். திருமுழுக்கு ஞானப்பெற்றோரே வந்தால் மிக நல்லது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் பெயரைக் கொடுத்துவிட்டு, விழாவுக்கு முந்தின நாள் ஆள் தேடுவது வழக்கமாகிவிட்டது. ஜூலைக்குள் ஆளை உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

வாரம் 7. சாட்சி: புனித தேவசகாயம்

நட்டாலத்தில் 1712இல் பிறந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 1749இல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். நால்வர் கொண்ட குழுவுக்கு ஐந்து தேதிகளையும் தனித்தனிச் சீட்டாகக் கொடுத்துக் கயிற்றில் வரிசையாகக் குத்தச் சொல்லுங்கள். திருமுழுக்கு பெற்றதும் கொன்றுவிட்டார்கள் என்றுதான் பிள்ளைகள் பெரும்பாலும் நினைத்திருக்கிறார்கள். நடுவில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இருப்பதைக் கயிறு காட்டும். மதிப்பீட்டுக் கேள்வியும் அதிலிருந்தே: 'சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியது அவருடைய விசுவாசத்தின் பகுதியா, தனியானதா? நம் ஊரில் அதை எங்கே செய்யலாம்?'

வாரம் 8. பங்கில் என் இடம்

1 கொரிந்தியர் 12. விழாவுக்கு முன் அன்பியக் கூட்டம் ஒன்றுக்குப் போவது, மூன்று மணி நேரச் சேவை ஒன்று செய்வது. நோயாளர் வீட்டுக்குப் போனால் படம் எடுத்துப் போடக் கூடாது.

வாரம் 9. சடங்கும் அடையாளங்களும்

ஒலிவ எண்ணெயில் நறுமணப் பிசின் கலந்து, புனித வாரத்தில் ஆயர் அர்ச்சிப்பதே கிறிஸ்மா. புகுமுக நிலையினர் எண்ணெய், நோயாளர் எண்ணெய் இவற்றோடு குழப்பிக்கொள்வார்கள்; மூன்று வெற்றுக் குப்பிகளில் பெயரெழுதி வைத்து எது எப்போது என்று கேளுங்கள். கிறிஸ்மாவை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். ஞானப்பெற்றோர் வலக்கையைப் பிள்ளையின் தோளில் வைப்பது, ஆயர் நெற்றியில் சிலுவை வரையும்போது 'ஆமென்', பிறகு அமைதி வாழ்த்துக்குத் திருப்பலியில் சொல்லும் அதே பதில் என்று இரண்டு முறை நடந்து பார்க்கவும். நெற்றியில் விழும் முடியைப் பின்னால் வாரச் சொல்லுங்கள்.

வாரம் 10. ஒப்புரவும் உரையாடலும்

ஒப்புரவு அருட்சாதனம் பங்குத்தந்தையிடம். யார் போனார், எவ்வளவு நேரம் என்று ஆசிரியர் கணக்கெடுக்கக் கூடாது. மற்ற பிள்ளைகளோடு ஆளுக்கு ஐந்து நிமிட உரையாடல். மூன்று ஆசிரியர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 50 நிமிடத்துக்குள் முடியும். கேள்விகள் மூன்றுதான்: 'ஆயர் பூசும்போது என்ன நடக்கிறது? உனக்கு இப்போது மிகத் தேவையான கொடை எது, ஏன்? அடுத்த ஞாயிறிலிருந்து பங்கில் என்ன செய்யப்போகிறாய்?' கூச்சமுள்ள பிள்ளை எழுதித் தரலாம். ஒருவருக்குப் புரியவில்லையென்றால் விழாவிலிருந்து நீக்க வேண்டாம்; இடையிலுள்ள வாரத்தில் இருமுறை அழைத்துப் பேசுங்கள். வராமல் இருந்ததுதான் பெரிய கேள்வி. மூன்றுக்கு மேல் வகுப்புகளைத் தவறவிட்டவரைப் பற்றிப் பங்குத்தந்தை பெற்றோரோடு பேசி முடிவெடுப்பார்.

விழா முடிந்த அன்றே பிள்ளை, பெற்றோர், ஞானப்பெற்றோர், ஆயர் பெயர், தேதி ஆகியவற்றை உறுதிபூசுதல் பதிவேட்டில் ஏற்றவும். வேறு பங்கில் திருமுழுக்கு பெற்ற பிள்ளை என்றால் அந்தப் பங்குக்கு ஒரு வாரத்துக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். இது விடுபட்டால் திருமணத்துக்கு ஓலை எழுத வரும்போதுதான் தெரியவரும்.