பொருள்: பணியில் சேரும் தேதி, ஆவணங்கள், கோவையிலிருந்து விமானம்

சேலம்
18.12.2025

ரீலொகேஷன் குழுவினருக்கு,

வணக்கம். தமிழிலேயே எழுதலாம் என்று நேற்று போனில் சொன்னீர்கள், அதனால் இப்படி.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான முன் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது, நன்றி. ஒப்பந்தத்தில் சேரும் தேதி ஜனவரி 26 என்று இருக்கிறது. இங்கே என் நோட்டீஸ் காலம் 20ஆம் தேதிதான் முடிகிறது. ரிலீவிங் லெட்டர் 23க்குள் கைக்கு வரும் என்கிறார்கள். எனவே பிப்ரவரி 2, திங்கட்கிழமை சேர அனுமதி கேட்கிறேன். 28ஆம் தேதியே சிங்கப்பூர் வந்துவிட்டால் பாஸ் வழங்குவது, தேவைப்பட்டால் கைரேகைப் பதிவு ஆகியவற்றுக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கிடைக்கும். பாஸ் வழங்கும் வேலையை உங்கள் தரப்பில் எந்த நாள் செய்வீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன் நான் வேலையைத் தொடக்கூடாது அல்லவா?

டிக்கெட் சென்னையிலிருந்து போடுவதாக டிராவல் டெஸ்க் எழுதியிருந்தது. சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர், கோவை அதில் பாதிதான். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமும் உண்டு. பெட்டிகளோடு இரவெல்லாம் பயணம் செய்து சென்னை போவதில் யாருக்கும் லாபமில்லை, கோவையிலிருந்தே போட்டுவிடுங்கள். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நானே ஆன்லைனில் நிரப்பிவிடுகிறேன். அதற்குத் தற்காலிகத் தங்குமிடத்தின் முகவரி வேண்டும்.

பெயர் விஷயம். பட்டச் சான்றிதழில் 'செந்தில்குமார் ஆர்', பாஸ்போர்ட்டில் 'செந்தில்குமார் ராஜமாணிக்கம்'. அந்த 'ஆர்' அப்பாவின் பெயர்தான். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் இருப்பதால் அதன் நகலை இணைத்துள்ளேன். அது போதாது என்றால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்புகிறேன். இங்கே ஒரு நாள் வேலைதான்.

மனைவியும் மகளும் பள்ளி முடிந்து மே மாதம் வருவார்கள். ஆனால் டிபென்டன்ட் பாஸுக்கான தாள்களை இப்போதே சரிபார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. மகளுக்கு ஆறு வயது, எனவே டிப்தீரியா, தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். எங்களிடம் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையால் எழுதிய அட்டை. தட்டம்மை இரண்டாம் தவணைக்கு எதிரே தண்ணீர் பட்டு மை ஊறி, தேதி 8ஆ 3ஆ என்றே தெரியவில்லை. அங்குள்ள பதிவேட்டைப் பார்த்து மருத்துவர் ஆங்கிலத்தில் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் மருத்துவமனை முத்திரை போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா? திருமணச் சான்றிதழையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் இணைத்துள்ளேன்.

வீட்டுச் சாமான் எதையும் இப்போது அனுப்பவில்லை. அதற்கான தொகையைக் குடும்பம் வரும்போது பயன்படுத்திக்கொள்ள முடியுமா?

சனி, ஞாயிறுகளில் அம்மாவோடு ஏற்காட்டில் இருப்பேன். காப்பிப் பழம் பறிக்கும் நேரம், தோட்டத்துக்குள் போனால் சிக்னல் கிடைக்காது. அவசரம் என்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள், மாலையில் டவுனுக்கு வந்ததும் பார்த்துவிடுவேன். சேரும் தேதிக்கும் டிக்கெட்டுக்கும் மட்டும் இந்த மாதம் 24க்குள் பதில் கிடைத்தால் நல்லது. இங்கே வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

அன்புடன்,
செந்தில்குமார் ராஜமாணிக்கம்

இணைப்பு: பாஸ்போர்ட் முதல், கடைசிப் பக்கங்கள், பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை