மதுரைக்காரங்களே, இலையைப் போட்டாச்சு!

வைகைக்கரை மெஸ், அண்ணா நகரில் ஆகஸ்ட் 30, ஞாயிறு மதியம் 12 மணிக்குத் திறப்பு.

முதலில் கறி தோசை. கனமாக மாவு ஊற்றி, மேலே முட்டை, அதற்கும் மேலே மட்டன் கொத்துக்கறி. கல்லிலேயே திருப்பிப் போட்டு, ஓரம் முறுகியதும் உங்கள் இலைக்கு வரும். 🔥

அயிரை மீன் குழம்பு மதியம் மட்டும்தான். உயிர் மீனைத் தேங்காய்ப்பாலில் நீந்தவிட்டு, மண்ணைக் கக்கிய பிறகுதான் சட்டியில் போடுகிறோம். சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்புறம் கோபிக்கக் கூடாது! நல்லி எலும்பு ரோஸ்ட், பன் பரோட்டாவும் உண்டு.

திறப்பு நாள் சலுகை: இரண்டு கறி தோசை சாப்பிட்டால் ஒரு ஜிகர்தண்டா இலவசம். பார்சலுக்குக் கிடையாது.

⏰ மதியம் 12 - 4, மாலை 6.30 - 11
செவ்வாய் விடுமுறை

#மதுரை #கறிதோசை #அயிரைமீன்