ஜவ்வாது மலையில் ஓர் இரவு வானம்: தை அமாவாசைப் பயணத் திட்டம்

நாள்: 2027 பிப்ரவரி 6, சனிக்கிழமை மதியம் முதல் ஞாயிறு காலை வரை
புறப்பாடு: வேலூர், மதியம் 1.30
ஆட்கள்: 14 பேர், 17 இருக்கை வேன் ஒன்று
செலவு: வேன், இரவுச் சாப்பாடு, காலை டிபன் சேர்த்துத் தலைக்கு 850 ரூபாய்

தை அமாவாசை என்பதால் காலையில் தர்ப்பணம் கொடுப்பவர்கள் இருப்பீர்கள். அதை முடித்து, சாப்பிட்டுவிட்டு வர வசதியாகத்தான் 1.30 என்று வைத்திருக்கிறோம். அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. போளூரிலிருந்து மேலே ஏறும் மலைப்பாதையை வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும். தொலைநோக்கியை இறக்கி, பூட்டி, சரிபார்க்கவும் பகல் வெளிச்சம் ஒரு மணி நேரமாவது தேவை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். இந்த இரவின் சிறந்த பகுதி விடியற்காலை 3.15 முதல் 5.20 வரை. தென் சிலுவை, ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து, பால்வீதியின் மையம் மூன்றும் அப்போதுதான் வருகின்றன. குளிரும் பனியும் தாங்காமல் 11 மணிக்கே வேனுக்குள் போய்விட்டால் வந்ததில் பாதி வீண். கீழே இருக்கும் ஏற்பாடுகள் எல்லாமே உங்களை 4 மணிக்கு வெளியே உட்கார வைப்பதற்காகத்தான்.

நிலவும் தேதியும்

பிப்ரவரி 6 இரவு 9.26க்குச் சரியாக அமாவாசை. இரவு முழுக்க நிலவு கிடையாது. அதே நேரத்தில் தென் அமெரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் கங்கண சூரிய கிரகணம் நடக்கும். நமக்கு அது இரவு என்பதால் இங்கே தெரியாது, தோஷம் பற்றிய கவலையும் வேண்டாம்.

மேகத்தால் தள்ளிப்போனால் மாற்று நாள் மார்ச் 6, சனிக்கிழமை. அன்று தேய்பிறையின் கடைசிக் கீற்று, விடியும் நேரத்தில்தான் எழும். ஆனால் அது மகா சிவராத்திரி. கோயில்களில் விடிய விடிய விளக்கும் ஒலிபெருக்கியும் இருக்கும். இடத்தை ஊரிலிருந்து இன்னும் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த வாரமே, பிப்ரவரி 13 போகலாமே என்று சிலர் கேட்டீர்கள். அன்று கிட்டத்தட்ட அரை நிலவு, நள்ளிரவு வரை இருக்கும். கோள்களுக்குப் பரவாயில்லை, மங்கலான எதற்கும் முன்னிரவு உதவாது.

இடம்

மூன்று இடங்களை lightpollutionmap.info வரைபடத்தில் வைத்துப் பார்த்தோம். ஏலகிரியில் விடுதிகள் அதிகம், அடிவாரத்தில் ஜோலார்பேட்டை. அமிர்தி வேலூருக்கு மிகப் பக்கம், வடக்கு வானம் வெளுத்திருக்கும். ஜமுனாமரத்தூரைத் தாண்டி, சாமை அறுத்த தனியார் நிலம் ஒன்றை உரிமையாளரின் அனுமதியோடு பேசி வைத்திருக்கிறோம். வடக்கே ஒரு மேடு ஊர் விளக்குகளை மறைக்கிறது. தெற்கு அடிவானம் திறந்திருக்கிறது, அதுதான் முக்கியம். தென் சிலுவை இங்கே உச்சத்திலேயே 17 பாகை உயரம்தான் வரும். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. இரண்டு முஷ்டி உயரத்துக்கு மரம் நின்றாலே சிலுவை போச்சு.

இதே மலையில், 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்குகிறது. 1977இல் யுரேனஸின் வளையங்களைப் பதிவுசெய்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே போவது இந்தப் பயணத்தில் இல்லை. இரவில் அந்தச் சாலையில் வண்டி விளக்கோடு போவது அவர்கள் வேலையைக் கெடுக்கும்.

நிலத்தை விட்டு யாரும் காட்டுக்குள் இறங்கக் கூடாது. சுற்றிலும் காப்புக் காடு, கரடி நடமாட்டம் உள்ள மலை. ஒதுங்கப் போவதென்றால் இருவராக, ஷூ போட்டு, டார்ச்சோடு.

வானம் எவ்வளவு இருட்டு என்று அங்கே போனதும் கார்த்திகையை வைத்து எண்ணுங்கள். ஆறு விண்மீன்தான் தெரிகிறது என்றால் வானம் சுமார், அல்லது கண் இன்னும் பழகவில்லை. எட்டு தெரிந்தால் நல்ல வானம். பூச நட்சத்திரம் வெறும் கண்ணுக்குப் பஞ்சுத் துணுக்காகத் தெரிந்தால் அருமையான இரவு.

மேகம்: எப்போது பார்ப்பது, எப்போது முடிவெடுப்பது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் பிப்ரவரி, இந்த மலைக்கு ஆண்டின் நல்ல மாதங்களில் ஒன்று. ஆனாலும் கிழக்கிலிருந்து ஈரக்காற்று அலை ஒன்று வந்தால் இரண்டு நாள் மூடிவிடும்.

திங்கட்கிழமை கணிப்பைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஐந்து நாள் முன்னால் சொல்லும் மேகக் கணிப்பு, போக்கு தெரிந்துகொள்ள மட்டும். வியாழன் மாலை Windy செயலியில் ECMWF, GFS என்ற இரண்டு வானிலைக் கணிப்புகளையும் ஜமுனாமரத்தூர் மேல் வைத்துப் பார்ப்போம். இரண்டும் ஒரே பதில் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் வெள்ளி இரவு மறுபடியும் பார்ப்போம். மொத்த மேகச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். `Low clouds`, `Medium clouds`, `High clouds` என்று தனித்தனியாகத் திறந்து பாருங்கள். தாழ்ந்த மேகமோ நடு மேகமோ 30 சதவீதத்துக்கு மேல் இரு கணிப்பிலும் வந்தால் பயணம் ரத்து. உயர மேகம் மட்டும் என்றால் வியாழன், செவ்வாய் கோள்கள் தப்பும், நெபுலாவும் விண்மீன் திரளும் கரைந்துவிடும். அது 50ஐத் தாண்டினால் ரத்து.

கடைசி முடிவு சனி காலை 11 மணிக்கு, இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து. பகலிலேயே பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இரவில் கிடைக்கும் அகச்சிவப்புப் படத்தில் தாழ்ந்த மேகமும் மூடுபனியும் தரையோடு ஒட்டிய வெப்பநிலையில் இருப்பதால் சரியாகத் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறதே என்று போய் வெண்மைக்குள் நிற்க நேரும்.

இன்னும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெப்பநிலை, காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் பனிநிலை. இரண்டுக்கும் இடையே 2 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் எல்லாம் நனையும். காற்று மணிக்கு 5 முதல் 10 கிலோமீட்டர் வீசினால் நமக்கு நல்லது, பனி படிவது குறையும். காற்றே இல்லாமல் ஈரப்பதம் 95க்கு மேல் போனால் 2 மணிக்குப் பிறகு மூடுபனி எழலாம். அது பள்ளத்தாக்கிலேயே தங்கினால் கீழே உள்ள ஊர் வெளிச்சத்தை மூடி வானத்தை இன்னும் கறுப்பாக்கும். மேட்டுக்கு ஏறினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

உடுப்பு

"ஊட்டியா போறோம்?" என்ற கேள்விக்குப் பதில்: வெப்பநிலை 15 டிகிரிப் பக்கம்தான் இருக்கும். நடந்துகொண்டிருந்தால் சுகமாக இருக்கும். பத்து மணி நேரம் அசையாமல் வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கு அது நடுக்கம் தரும் குளிர். திறந்த வானத்தின் கீழே உடம்பின் சூடு மேலே போய்க்கொண்டே இருக்கும், தரை கீழேயிருந்து உறிஞ்சும்.

கனமான ஒரு ஸ்வெட்டரை விட மெல்லியதாக மூன்று அடுக்கு மேல். உள்ளே பாலியெஸ்டர் டி-ஷர்ட், அதன் மேல் முழுக்கை ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் பனியும் புகாத ஜெர்கின். மழைக்கோட்டின் மேல்பாகமும் போதும். பருத்தி பனியன் உள்ளே வேண்டாம்: சாமான் இறக்கும்போது வரும் வியர்வையைக் குடித்துவிட்டு இரவெல்லாம் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். கீழே பேண்ட்டுக்குள் ஒரு ட்ராக் பேண்ட். ஜீன்ஸ் பனியில் நனைந்தால் காயாது. குரங்குக் குல்லா, சால்வை கட்டாயம். சாக்ஸ் இரண்டு ஜோடி: ஒன்று போட்டு வர, மற்றொன்றைப் பாலித்தீன் பையில் வைத்து 10 மணிக்கு மாற்ற. இரண்டையும் சேர்த்து இறுக்கமான ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் சில்லிடும். செருப்பு வேண்டாம்.

படுப்பதற்குக் கீழே தார்ப்பாய், அதன் மேல் யோகா மேட் அல்லது கோரைப்பாய், அதன் மேல் ஜமக்காளம். தார்ப்பாயும் ஜமக்காளமும் நாங்கள் கொண்டு வருகிறோம். போர்வை ஆளுக்கு ஒன்று. குளிரத் தொடங்கிய பிறகு போர்த்தினால் சூடேற அரை மணி ஆகும், 7.30க்கே போர்த்திக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு வெள்ளை டார்ச் அதை ஒரு நொடியில் அழித்துவிடும், 14 பேருக்கும் சேர்த்து. டார்ச் முகப்பில் சிவப்பு ஜிகினாத்தாள் அல்ல, கண்ணாடி போன்ற சிவப்பு ஜெலட்டின் தாளை மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு மடிப்பு போதாது, எல்.இ.டி. வெளிச்சம் ஊடுருவி வரும். 7 மணிக்குப் பிறகு போன் பையில். வேனின் உள்விளக்கு கதவைத் திறந்தால் எரியாதபடி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம். இரவில் தேவைப்படும் பொருளை முன்பே பாயில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கருவிகள்

8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று, 10x50 பைனாகுலர் மூன்று. மலைப்பாதைக் குலுக்கலில் ஆடிகள் நிச்சயம் நகரும், 5.15க்கு வெளிச்சத்திலேயே நேர்ப்படுத்துவோம். 5.45க்கு மூடியைத் திறந்து காற்றில் ஆறவிட வேண்டும். வேனுக்குள் சூடேறிய ஆடியில் வியாழன் கொதிநீருக்குள் இருப்பதைப் போல் நடுங்கும்.

பனிக்குக் கறுப்பு ஃபோம் ஷீட் உறை, குழாய் வாயைத் தாண்டி 30 செ.மீ. நீளமாக. பயன்படுத்தாத ஐபீஸ்கள் ஜெர்கின் பாக்கெட்டில் உடம்புச் சூட்டோடு இருக்கட்டும். கண்ணாடி மங்கினால் துண்டாலோ முந்தானையாலோ துடைக்கக் கூடாது, கீறல் நிரந்தரம். 12 வோல்ட் ஊதியால் இளஞ்சூடாக ஊத வேண்டும். ஐபீஸுக்குள் மூச்சு விடாதீர்கள். மங்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

இரவின் ஒழுங்கு

7.15: மேற்கே சனி. 9 மணிக்குள் பார்த்துவிட வேண்டும், பிறகு அடிவானக் கலங்கலில் இறங்கிவிடும்.
8.30: திருவாதிரை இருக்கும் ஓரியன் உச்சியில். இடைவாருக்குக் கீழே நெபுலா, குறைந்த உருப்பெருக்கத்தில்.
9.30: தெற்கே 25 பாகை உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம். பைனாகுலரில் பால்வீதி ஓரமாக மெதுவாகத் தடவிப் போங்கள்.
10.30 முதல் 1.00: சிம்மத்தில், மக நட்சத்திரத்தின் இரு புறமும் வியாழனும் செவ்வாயும். வியாழன் 10ஆம் தேதி வாக்கில், செவ்வாய் 19ஆம் தேதி சூரியனுக்கு நேர் எதிரே, எதிர்நிலைக்கு வருகின்றன. இம்முறை செவ்வாயின் வட்டு சிறியது, 14 வில்விநாடிக்கும் குறைவு. 150 மடங்குக்கு மேல் போட்டு, ஒரு நிமிடமாவது கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் மேற்பரப்பின் கருமை தெரியும்.
1.00 முதல் 3.00: தூக்கம். நால்வர் மட்டும் விழித்திருப்பார்கள்.
3.15: எழுப்புவோம். சுக்குக் காபி. 3.40 வாக்கில் தென் சிலுவை உச்சத்தில்.
4.30: ஒமேகா சென்டாரி, 30 பாகை உயரம். பைனாகுலரில் மங்கலான உருண்டை. 8 அங்குலத்தில் விளிம்பு மணல்மணலாக உதிரும். ஆளுக்கு மூன்று நிமிடம், அவசரமில்லை.
5.00: தென்கிழக்கில் கேட்டை, பால்வீதி மையம், விடிவெள்ளி. படம் எடுப்பவர்கள் வெள்ளியைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுங்கள்.
5.25: வானம் வெளுக்கத் தொடங்கும்.

சாப்பாடு 6.15க்கு, இருட்டுவதற்கு முன்: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, அமாவாசை விரதம் இருப்பவர்களுக்குத் தனியே பால், பழம். இரவுக்கு வேர்க்கடலை உருண்டை, மூன்று லிட்டர் பிளாஸ்கில் சுக்குக் காபி. குடிநீர் 20 லிட்டர் கேன் இரண்டு. டீசலும் ஏ.டி.எம். வேலையும் போளூரிலேயே முடித்துவிட வேண்டும்.

காலை 7 மணிக்கு ஆடியை மூடாமல், குழாயைச் சாய்த்து வைத்து உலர விடுவோம். ஈரத்தோடு மூடினால் பூச்சில் புள்ளி விழும். தார்ப்பாயை வெயிலில் உதறி, நிலத்தில் ஒரு காகிதம் கூட விடாமல் பொறுக்கி, 8.30க்குக் கிளம்பலாம். ஓட்டுநருக்கு ஜமுனாமரத்தூரில் அறை போட்டிருக்கிறோம். 9 மணிக்கு அவர் தூங்கப் போய்விடுவார், அவசரம் தவிர வேறு எதற்கும் எழுப்ப வேண்டாம். இறக்கத்தில் வண்டி அவர் கையில்.